கடைத்தெருவில் காதோடு ஒரு நடை: ஒலி வழிகாட்டிக்கு எழுதுவது எப்படி

இயர்போன் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற ஒருவருக்கு வழியும் சொல்லி, ஊர்க் கதையும் சொல்லும் ஒலிப்பதிவை எழுதப் போகிறீர்கள் என்றால், கட்டுரை எழுதுகிற கையை முதலில் ஓரங்கட்டி வையுங்கள். கேட்பவருக்கு ஒரு காதில் உங்கள் குரல், இன்னொரு காதில் ஆட்டோ ஹாரன், காலுக்குக் கீழே தக்காளித் தோல். அந்த நிலையில் ஒருவர் எவ்வளவு கேட்பார், எதை விட்டுவிடுவார் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்கிறேன். சின்ன ஊர், நெரிசலான தெரு, பூக்கடை, பால்கோவா கடை, எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற கோபுரம். இதற்கு வசதியான ஊர் வேறு கிடைக்காது. கீழே வரும் தூரங்களும் கடைகள் இருக்கும் இடங்களும் மட்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் தெருவில் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

1. எழுதுவதற்கு முன் நிற்கும் இடங்களைப் பிடியுங்கள்

எதைப் பற்றிப் பேசலாம் என்று பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் இடம் தேடுவதுதான் பொதுவான வழக்கம். கடைத்தெருவில் அது வேலைக்கு ஆகாது. ஒருவர் இரண்டு நிமிடம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்க முடிகிற இடங்களை முதலில் தேடுங்கள். கல்லாப் பெட்டிக்கு நேர் எதிரே நிற்க வைத்தால் கடைக்காரருக்கு வியாபாரம் கெடும், இரண்டாவது வாரமே விரட்டுவார், அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. மண்டபத் தூண் ஓரம், மரத்தடி, கோயில் மதிலோரம், தபால் பெட்டிக்குப் பக்கம், இப்படிப் பாருங்கள். மதியம் நிழல் விழுகிறதா, சைக்கிள் நிறுத்துகிறார்களா, சாக்கடை மூடியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரே தெருவைக் காலை, சாயந்திரம், கூட்டமான ஒரு வெள்ளிக்கிழமை என்று பார்த்துவிட்டால் எந்த இடம் நிலைக்கும் என்று தெரிந்துவிடும். முதல் முறைக்கு ஆறு ஏழு நிறுத்தம் போதும்.

அடையாளம் சொல்லும்போது ஃப்ளெக்ஸ் பேனரையும் தள்ளுவண்டியையும் நம்பாதீர்கள். கடைப் பெயர்ப் பலகையும் அப்படித்தான், ஒரு தீபாவளிக்குள் நிறம் மாறிவிடும். டிரான்ஸ்ஃபார்மர், கல் மண்டபம், தெரு முக்கு, கோபுரம் இவை நகராது. கண்ணால் பார்ப்பது மட்டும்தான் அடையாளம் என்றும் இல்லை. பால் காயும் வாசனை, பாத்திரக் கடையின் சத்தம் எல்லாம் கூட்டத்தில் கண்ணை மறைத்தாலும் வந்து சேரும்.

2. தூரத்தை நொடியாக மாற்றுங்கள்

தெரு காலியாக இருந்தால் ஒருவர் நிமிடத்துக்கு 70 மீட்டர் போல நடப்பார். கூட்டத்தில் அது 40 ஆகிவிடும். பூக்கடை முக்கிலிருந்து பால்கோவா கடை வரை 90 மீட்டர் என்று வையுங்கள். காலையில் ஒருவருக்கு ஏறக்குறைய 77 நொடி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் இன்னொருவருக்கு 135 நொடி. இரண்டு பேருக்கும் ஒரே நீளத்தில் பேச்சு எழுதினால் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் பிசகும், அவர் கடையைத் தாண்டிப் போன பிறகு "இதோ கடை" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் நடக்கும்போது கேட்கும் பேச்சை வேகமாக நடப்பவருடைய நேரத்திலும் பாதிக்கு மேல் போகாமல் வையுங்கள். இங்கே 38 நொடி. நிதானமாகப் படித்தால் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் என்று தொடங்கலாம், அப்புறம் உங்கள் குரலில் ஒரு பக்கத்தைப் படித்து நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்கிற 140, 150 கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நம் சொற்கள் நீளம், "போய்க்கொண்டிருக்கிறவர்களுக்கு" என்பதே ஒரு சொல்தான். ஆக 38 நொடிக்கு 60 சொல் சுற்றி. மீதி நேரம் தெருவே பேசட்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிக் கோப்பு வையுங்கள். அரை மணி நேரம் ஒரே நீளமாக ஓடும் பதிவு கடைத்தெருவுக்குச் சரிவராது, ஏனென்றால் கேட்பவர் நடுவில் கால் கிலோ பால்கோவா வாங்க நிற்பார், நிற்கத்தான் வேண்டும். ஜிபிஎஸ் பார்த்துத் தானாக ஓட வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். குறுகிய தெருவில் அது பத்துப் பதினைந்து மீட்டர் சாதாரணமாகத் தப்பும், அதற்குள் மூன்று கடை போய்விடும். "வந்து சேர்ந்ததும் அடுத்ததை அமுக்குங்கள்" என்று சொல்லிவிடுவதுதான் என் கட்சி.

3. செயலை முன்னால் கொண்டுவாருங்கள்

தொடக்கக்காரர்கள் எழுதுவதில் நான் அதிகம் பார்ப்பது இந்த மாதிரி வாக்கியம்:

> ஆண்டாள் அவதரித்த திருத்தலமான ஸ்ரீவில்லிபுத்தூரில் 192 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்டு விண்ணை முட்டி நிற்கும் ராஜகோபுரத்தை, இடப்பக்கம் உள்ள மண்டபத்தைத் தாண்டியதும் நின்று நிமிர்ந்து பார்க்கலாம்.

காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. "நின்று நிமிர்ந்து பார்க்கலாம்" என்பது காதில் விழும்போது அவர் மண்டபத்தைத் தாண்டி பத்தடி போயிருப்பார். இன்னும் மோசம், நடந்துகொண்டே தலையைத் தூக்குவார், எதிரே பைக் வரும். இதையே இப்படிப் பிரித்து எழுதலாம்:

> இடப்பக்கம் ஒரு கல் மண்டபம் வரும். அதன் ஓரமாக நில்லுங்கள். (இடைவெளி, 4 நொடி) நின்றுவிட்டீர்களா? இப்போது நிமிர்ந்து பாருங்கள். கோபுரம். கீழேயிருந்து ஒவ்வொரு நிலையாக எண்ணிக்கொண்டே போங்கள். அவசரம் இல்லை. (இடைவெளி, 10 நொடி) பதினொன்று வந்ததா? உயரம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி.

முதலில் அடையாளம், உடனே செயல், நின்ற பிறகு பார்வை, கடைசியில் தகவல். இந்த வரிசை எல்லா நிறுத்தத்துக்கும் பொருந்தும். எண்ணை எழுத்தால் எழுதியிருப்பது படிப்பவருக்காக, மைக் முன்னால் 192 என்று இருந்தால் நாக்கு தடுக்கும். இடைவெளியையும் நொடிக் கணக்கோடு எழுத்திலேயே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு செய்யும் அவசரத்தில் அது காணாமல் போகும்.

இடம், வலம் சொல்வதற்கு முன் கேட்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதை உறுதி செய்ய வேண்டும். அவர் கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தால் உங்கள் வலம் அவருக்கு வேறு பக்கம். "கோபுரம் முகத்துக்கு நேரே இருக்கட்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

4. ஒரு நிறுத்தத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம்

பூக்கடை நிறுத்தம்:

> பூக்கடைகளைத் தாண்டியதும் மதிலோரம் நில்லுங்கள். கோபுரம் முகத்துக்கு நேரே இருக்கட்டும். (3 நொடி) உங்கள் வலது பக்கம், மாலை கட்டுகிறவர்களின் விரல்களைப் பாருங்கள். நார் எப்போது சுற்றுகிறது என்று கண்ணுக்கே தெரியாது. (8 நொடி) இந்த ஊரில் மாலைக்கு ஒரு கதை உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்தாள் ஒரு பெண். பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள். இன்றும் அவள் சூடிய மாலை ஊர் விட்டு ஊர் போகிறது. சித்திரையில் மதுரைக்கு, அழகருக்கு. புரட்டாசியில் திருப்பதிக்கு. கோயிலுக்குள் போனால் ஆண்டாள் கையில் ஒரு கிளி இருக்கும், பாருங்கள். இலையால் செய்த கிளி. தினமும் புதிது. (4 நொடி) சரி, கிளம்பலாம். கோபுரத்தை நோக்கி, கூட்டத்தோடு மெதுவாக. பால் காயும் வாசனை வரும் வரை நடங்கள். வந்ததும் அடுத்ததை அமுக்குங்கள்.

இடைவெளி உட்பட ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தகவல் என்று பார்த்தால் மூன்றுதான்: சூடிய மாலை, அது போகும் ஊர்கள், கிளி. திருப்பாவைக்கு எத்தனை பாட்டு, கோயில் எந்த நூற்றாண்டு என்றெல்லாம் கை துறுதுறுக்கும். நின்றுகொண்டு கேட்பவரின் தலையில் மூன்றுக்கு மேல் தங்காது.

அடுத்த நிறுத்தமான பால்கோவா கடையில் ஒரு சிக்கல் உண்டு. கடாய் அடுப்பில் இருக்கும் நேரத்தில் வந்தால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து சுண்டுவதை, கரண்டி அடியில் உரசும் சத்தத்தோடு பார்க்கலாம், வராவிட்டால் காலிப் பாத்திரம். "அதோ பால் கொதிக்கிறது" என்று எழுதினால் பாதி நேரம் பொய் சொன்னது போல ஆகிவிடும். "அடுப்பு எரிந்தால் கரண்டியைக் கவனியுங்கள், அது நிற்கவே நிற்காது, நின்றால் அடிப்பிடிக்கும்" என்று எழுதினால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் செல்லும். எந்த நேரம் கிண்டுவார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டு முன்னுரையில் சொல்லிவிடுவது நல்லது, கூடவே நீங்கள் செய்யப்போவதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு வரியில் சொன்னால் போதும்.

சர்ச்சையான செய்திக்கு இன்னொரு விதி. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரே சொல்லும், இல்லை, மதுரையின் மேலைக் கோபுரம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. காதில் அடிக்குறிப்பு போட முடியாது. "இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்பார்கள், மதுரைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று எழுதிவிட்டால் செய்தியும் சரி, கேட்கவும் சுவை.

5. பதிவு

அமைதியான அறை, அலமாரித் துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எதிரொலி குறையும், போன் மைக்கே போதும். தெருச் சத்தத்தைப் பின்னணியில் கலக்க ஆசை வரும், வேண்டாம். கேட்பவர் நிற்பதே அந்தத் தெருவில்தான். பதிவில் ஒரு ஹாரன் கேட்டால் நிஜ ஹாரன் என்று நினைத்து ஒதுங்குவார், அதைவிட ஆபத்து, நிஜ ஹாரனைப் பதிவு என்று நினைத்து ஒதுங்காமல் இருப்பார்.

முன்னுரையிலேயே "ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், வண்டி வரும் பக்கத்துக் காது திறந்திருக்கட்டும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் கோப்பு இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும் மோனோவாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கத்துச் சத்தம் போய்விடும். மோனோ, 64 kbps எம்பி3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட ஆகாது, மொத்தம் 20 நிமிடம் பேசினாலும் 10 எம்பிக்குள் அடங்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இறக்கிக்கொள்ளலாம்.

6. பின்னால் நடந்து பாருங்கள்

ஊர் தெரியாத ஒருவரிடம் கோப்புகளைக் கொடுத்து நடக்க விட்டு, பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் போங்கள். அவர் போனை வெளியே எடுத்தால் ஏதோ வரியைத் தவறவிட்டுத் திரும்பக் கேட்கிறார் என்று அர்த்தம். நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அடையாளம் போதவில்லை. இயர்போனைக் கழற்றினால் அந்த இடத்தில் நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள். மூன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு அந்த நிறுத்தத்தை மட்டும் திருத்துங்கள். கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்றுதான் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம்.

கோப்புகளுக்கு 01, 02 என்று எண் வைத்துப் பெயரிடுங்கள், அப்போதுதான் எந்த போனிலும் வரிசை மாறாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீங்களே கேட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். மரம் வெட்டியிருப்பார்கள், மண்டபத்துக்கு முன் பந்தல் போட்டிருப்பார்கள், ஆடிப்பூரத் தேரோட்டம் என்றால் அந்த வழியே போக முடியாது. மாறிய நிறுத்தத்தின் கோப்பை மட்டும் மறுபடி பதிந்து அதே எண்ணில் ஏற்றிவிடலாம்.