ஆறு அணி லீக்: அட்டவணை சறுக்கும் இடங்கள்

லீக் அட்டவணையில் யார் யாரோடு மோதுவது என்பது பெரிய தலைவலி இல்லை. அணிகளை மேல், கீழ் என இரண்டு வரிசையாக எழுதி, எதிரெதிரே இருப்பவர்களை மோதவிடுங்கள். மேல் வரிசையில் ஒரு அணியை நகராமல் வைத்துவிட்டு, மற்றவர்களை வட்டமாக ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் ஆறு அணிக்கு ஐந்து சுற்றும் வந்துவிடும். யாருடைய மைதானத்தில் ஆட்டம் என்று எழுதும்போதுதான் சறுக்கல் ஆரம்பிக்கிறது. மேல் வரிசையில் இருப்பவருக்கே சொந்த மைதானம் என்று எழுதிக்கொண்டே போனால், நகராத அணி ஐந்து ஆட்டத்தையும் சொந்த ஊரிலேயே ஆடிவிடும். மற்றவர்களில் மூன்று அணிகள் தொடர்ந்து மூன்று முறை வெளியூருக்குப் பஸ் ஏறும்.

இதைப் பார்த்ததும் பலரும் எதிர்ப்பக்கம் போய், 'எல்லா அணிக்கும் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாறி மாறி வர வேண்டும்' என்று ராத்திரி முழுக்கத் தாளைக் கசக்குவார்கள். அது நடக்காது. மாறாமல் ஓடும் வரிசை இரண்டே இரண்டுதான்: சொந்த மைதானத்தில் தொடங்குவது, வெளியே தொடங்குவது. ஒரே வரிசை கொண்ட இரண்டு அணிகள் எப்போதும் ஒரே நேரத்தில் உள்ளே, ஒரே நேரத்தில் வெளியே. அப்புறம் அவை மோதுவது எப்படி? ஆக, இரண்டு அணிகளுக்கு மட்டுமே சுத்தமான வரிசை கிடைக்கும். மற்ற நான்குக்கும் குறைந்தது ஒரு முறையாவது 'இரட்டை' விழும், அதாவது அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஒரே பக்கம். (அணிகள் ஐந்தாக இருந்தால் இரட்டையே இல்லாமல் போடலாம். ஓய்வுச் சுற்று அந்த இடத்தை விழுங்கிவிடும்.)

நான்கே இரட்டையோடு முடியும் அட்டவணை இது. முதலில் எழுதிய அணிக்குச் சொந்த மைதானம்:

```
சுற்று 1:  1–6  2–5  4–3
சுற்று 2:  6–2  3–1  5–4
சுற்று 3:  3–6  4–2  1–5
சுற்று 4:  6–4  5–3  2–1
சுற்று 5:  5–6  1–4  3–2
```

1, 6 இரண்டுக்கும் இரட்டை இல்லை. மற்ற நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டு அணிகள் ஒரே மைதானத்தைப் பகிர்ந்தால், மிலானில் ஏ.சி. மிலானும் இன்டரும் சான் சீரோவைப் பகிர்வது போல, அவற்றுக்கு 1–6, 2–3, 4–5 ஆகிய ஜோடிகளில் ஒன்றைக் கொடுங்கள். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது எப்போதும் வெளியேதான்.

இதுவரை சரி. நான் பார்த்தவரை அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, அதே ஜோடிகள் மறுபடி மோதும் இரண்டாம் பாதியில். முதல் ஐந்து சுற்றை அதே வரிசையில் நகலெடுத்து, மைதானத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நான்காம் அணியைப் பாருங்கள் (சொ: சொந்த மைதானம், வெ: வெளி மைதானம்):

```
சொ வெ சொ வெ வெ | வெ சொ வெ சொ சொ
```

நான்கு, ஐந்து, ஆறாம் சுற்றுகள் மூன்றும் வெளியே. ஐந்தாம் அணிக்கு அதே மூன்றும் சொந்த மைதானத்தில். ஒவ்வொரு பாதியும் தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோளாறு ஒட்டுப்போட்ட இடத்தில். அதனால் பாதி பாதியாகச் சரிபார்த்தால் கண்ணில் படாது.

இதற்கு வைத்தியம் எளிது. இரண்டாம் பாதியை இரண்டாம் சுற்றிலிருந்து தொடங்கி, முதல் சுற்றின் மறு ஆட்டங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: 2, 3, 4, 5, 1. இதற்குப் பிரெஞ்சு முறை என்று பெயர். நான்காம் அணிக்கு இப்போது:

```
சொ வெ சொ வெ வெ | சொ வெ சொ சொ வெ
```

யாருக்கும் மூன்று தொடராது. மொத்த இரட்டைகள் குறைந்துவிடவில்லை, இரண்டு வழியிலும் பன்னிரண்டுதான். ஆனால் நகலெடுத்த அட்டவணையில் நான்கு அணிகள் தலா மூன்றைச் சுமக்க, 1, 6 இரண்டும் ஒன்றுமில்லாமல் தப்பின. இதில் ஆறு அணிக்கும் தலா இரண்டு. ஒரு குறை உண்டு: 1, 6 இரண்டின் இரண்டாவது இரட்டை சீசனின் கடைசி இரு ஆட்டங்களில் விழுகிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டையைத் தவிர்க்கப் பார்க்கும். கடைசி நேரத்தில் பட்டத்துக்கோ, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப்பதற்கோ முட்டிமோதும் அணிக்கு அது பெரிய விஷயம். உங்கள் லீக்கில் அது வம்பாகும் என்றால், எந்த அணிக்கு எந்த எண் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டவணை வெளியான பிறகு வரும் தவறு ஒன்று பாக்கி. 'எங்கள் மைதானத்தில் புல் வேலை, அந்த ஆட்டத்தை அவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாமா?' என்று நான்காம் அணி மூன்றாம் சுற்றுக்குக் கேட்கும். ஒரே ஒரு ஆட்டம்தானே என்று 4–2ஐத் திருப்பிவிட்டால், அந்த அணிக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை நான்கு ஆட்டம் தொடர்ந்து வெளியே. மறு ஆட்டத்தையும் திருப்ப வேண்டுமே, அப்போது ஆறிலிருந்து ஒன்பது வரை நான்கும் சொந்த ஊரில். மைதானத்தைத் தொடாமல் தேதியைத் தள்ளுவது மேல், ஆனால் தள்ளிய தேதி எந்த ஆட்டங்களுக்கு நடுவே விழுகிறது என்று பாருங்கள். எக்செல்லில் அணிக்கு ஒரு வரி வைத்து, B2 முதல் K2 வரை பத்து சுற்றுக்கும் சொ, வெ என்று ஆடும் தேதி வரிசையில் நிரப்பியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரட்டைகளை இது எண்ணிச் சொல்லும்:

```
=SUMPRODUCT(--(B2:J2=C2:K2))
```

இரண்டு என்று வர வேண்டிய இடத்தில் அந்த நான்காம் அணிக்கு ஆறு வரும்.