கோடிட்ட இடத்தில் மரபுவினையும் முடிபும்

‘குயவரால் நேற்றுப் பானைகள் ______’ என்னும் வினாவுக்குச் ‘செய்யப்பட்டன’ என்று எழுதினால் பொருளும் இலக்கணமும் பொருந்தும். எனினும் மரபுச்சொல்லைக் கேட்கும் பகுதியில் அது பிழையாகும், ஏனெனில் பானைக்குரிய மரபுவினை வனைதல். கூடையென்றால் முடைதல், சுவரென்றால் எழுப்புதல்.

மரபை அறிந்தவர்களே பெரிதும் தவறுவது அடுத்த படியில்தான்: ‘வனைந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘குயவரால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ உருபு செயப்பாட்டு வினையையும், ‘பானைகள்’ என்னும் எழுவாய் பலவின்பால் முடிபையும், ‘நேற்று’ இறந்தகாலத்தையும் வேண்டுவதால், ‘வனையப்பட்டன’ என்பதே சரியான விடை. ‘வனையப்பட்டது’ என்பதும் பொருந்தாது. ஆகவே முதலில் பெயருக்குரிய வினையடியைத் தேர்ந்து, பின்னர் உருபு, எழுவாய், காலச்சொல் ஆகியவற்றை நோக்கி அதன் ஈற்றை அமைக்க வேண்டும். எழுவாய் ‘குயவர்கள்’ என்றிருந்தால் ‘வனைந்தனர்’ என்றாகும்.