புத்தகப் பை கழுத்தை எவ்வளவு இழுக்கிறது? பக்கவாட்டுப் படத்தில் அளப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் கூன் போட்டு நடக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கூன் அவளுடையதா, பையுடையதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் எடை. பையோடும் பையில்லாமலும் எடைக்கருவியில் நிற்கச் சொல்லுங்கள். அவள் 30 கிலோ, பையோடு 35.4. ஆக, பை 5.4 கிலோ. ஒன்றிய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அது 3 கிலோ.

அடுத்து படம். சுவரில் கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள்; கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தை அதன் அருகில் பக்கவாட்டில் நிற்கட்டும். பத்தடி தள்ளி, குழந்தையின் தோள் உயரத்தில், ஸ்டூல் மேல் கைபேசியை நேராக வையுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கோணம் மாறிவிடும்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் முட்டிக்கொண்டு ஓர் எலும்பு தெரியும். அதன்மேல் காய்ந்த பட்டாணி ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். பக்கவாட்டில் அது துருத்திக்கொண்டு தெரியும். ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய பின்னல் காதை மறைக்கும். உச்சியில் தூக்கி முடிந்துவிடுங்கள்.

படம் எடுக்கிறோம் என்றதும் பிள்ளைகள் விறைத்து நிற்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பையோடு ஐந்து நிமிடம் தெருவில் நடக்கவிட்டு, வந்ததும் நேரே பார்க்கச் சொல்லி எடுங்கள். "அத்தை, இப்போதாவது இறக்கி வைக்கலாமா?" என்று கேட்டாள். பையை இறக்கி, சற்று ஓய்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொரு படம்.

இரண்டையும் அச்செடுங்கள். பட்டாணி வழியாக, நூலுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. பட்டாணியிலிருந்து காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டுக்கு இன்னொரு கோடு. இடையிலுள்ள கோணத்தை அவளுடைய பாகைமானியாலேயே அளந்தோம். பையில்லாமல் 51, பையோடு 41. கோணம் குறையக் குறையத் தலை முன்னே தள்ளியிருக்கிறது என்று பொருள். பத்துப் பாகை பையின் வேலை.

பையில்லாத படத்திலேயே கோணம் 45க்கும் கீழே இருந்தால் பையை மட்டும் குறை சொல்ல முடியாது. இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று பாகை வித்தியாசம் அளவுப் பிழையாகவும் இருக்கலாம். ஒரு தோள் தாழ்ந்திருப்பது இந்தப் படத்தில் தெரியாது. அதற்கு முதுகுப் பக்கமிருந்து எடுக்க வேண்டும்.

பையைக் கொட்டினோம். நிரம்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். அன்றைய பாடவேளையில் இல்லாத நோட்டுகள் ஏழு. அவற்றை எடுத்துவிட்டு, சிறிய பாட்டில் வைத்து, இடுப்புக்குக் கீழே தொங்கிய பையின் வாரை இறுக்கினோம். பை 3.3 கிலோ, கோணம் 48. வரும் வாரம் இன்னும் முந்நூறு கிராம் குறைக்க வேண்டும். அட்லஸ் வகுப்பிலேயே இருக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்கப் போகிறேன்.