நோட்டுக் கணக்கிலிருந்து டேலிக்கு: பழைய பாக்கியைப் புது விற்பனை ஆக்காதீர்கள்

ஏப்ரல் பிறந்தால், நோட்டுக் கணக்கை டேலி மென்பொருளுக்கு மாற்றுகிறவர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, ஓப்பனிங் எல்லாம் போட்டுட்டேன். பேலன்ஸ் ஷீட்ல Difference in opening balances-னு ஒரு வரி வருது. அதை எப்படி எடுக்கிறது?" எடுக்க வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள். அந்த வரி ஒன்றுதான் அவர்களிடம் உண்மை பேசுகிறது. ஏதோ ஒரு பேரேட்டுப் பக்கத்தின் இருப்பை விட்டிருக்கிறீர்கள், அல்லது பற்று வரவை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதை 'எடுத்தவள்'தான். அதனால்தான் இந்தப் புலம்பல்.

கம்பெனி பெயரில் எழுத்துப் பிழை, குரூப் மாறிப்போனது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை கண்ணில் பட்டதும் திருத்திவிடலாம்.

தொடங்கும் தேதி

முடிந்தவரை ஏப்ரல் 1. Books beginning from என்ற இடத்தில் என்ன தேதி தருகிறீர்களோ, அதற்கு முந்தின நாள் இரவு நோட்டில் நின்ற இருப்புதான் ஓப்பனிங்.

பழைய பில்களை ஏப்ரலில் விற்பனையாகப் போடுவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பாரிமுனைப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. வயர், சுவிட்ச் வியாபாரம், எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டி சரக்கு. பெரியவர் முப்பது வருடமாகப் பேரேட்டிலேயே கணக்கு எழுதியவர். மகன் வந்து டேலி வாங்கினார், புதிதாக ஒரு பையனைக் கணக்குக்கு வைத்தார். மார்ச் 31 அன்று வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி மொத்தம் 6,37,200 ரூபாய்.

பையன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். பேரேட்டில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லெட்ஜர் திறந்து, Sundry Debtors-ன் கீழ் வைத்து, பாக்கித் தொகையை ஓப்பனிங்காக அடித்தான். பெரம்பூர் கான்ட்ராக்டர் ஒருவருக்கு 88,500. ஆனால் அந்தத் தொகை எந்தெந்தப் பில்லுக்கானது என்று பிரித்துப் போடவில்லை. அதற்கான திரை வந்தபோது எண்டரைத் தட்டித் தாண்டிவிட்டான். முழுத் தொகையும் எந்தப் பில்லோடும் சேராமல் On Account ஆக உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் 4-ம் தேதி கான்ட்ராக்டரிடமிருந்து செக் வந்தது. ரசீது வவுச்சரில் Agst Ref கொடுத்தால் பில் பட்டியல் காலி. எதன் மேல் இந்தப் பணத்தைக் கழிப்பது? யாரிடமும் கேட்காமல் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பேரேட்டில் நிலுவையில் இருந்த பழைய பில்களை எல்லாம் ஏப்ரல் 1 தேதியிட்டு விற்பனை வவுச்சராக அடித்துவிட்டான். இப்போது பட்டியலில் பில்கள் வந்துவிட்டன. கூடவே பாக்கி இரட்டிப்பாகி, கான்ட்ராக்டர் 1,77,000 தர வேண்டும் என்று காட்டியது. சரி என்று எல்லா வாடிக்கையாளரின் ஓப்பனிங்கையும் அழித்தான். உடனே 6,37,200 Difference வந்தது. அதைப் போக்க, முதலாளியின் மூலதன ஓப்பனிங்கில் 6,37,200-ஐக் குறைத்தான். Difference போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதன்பின் பேலன்ஸ் ஷீட் கச்சிதமாக டேலி ஆனது. மூலதனம் 6,37,200 குறைவு. பதிலுக்கு ஏப்ரல் லாபம் 5,40,000 கூடுதல், கட்டவேண்டிய ஜிஎஸ்டி 97,200 கூடுதல். இரண்டையும் கூட்டினால் அதே 6,37,200. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கணக்கு சரி என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்த 97,200 ஏற்கெனவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கணக்கு காட்டிக் கட்டி முடித்த வரி. மே 11-க்குள் ஏப்ரலுக்கான ஜிஎஸ்டிஆர்-1, மே 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று அவசரத்தில் டேலியில் இருந்ததை அப்படியே ஏற்றினார்கள், வரியும் போனது. விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியலைப் பார்த்துவிட்டுக் கான்ட்ராக்டரின் கணக்கர் போன் செய்தார். "உங்க பேர்ல எங்க 2பி-யில மூணு பில் வந்திருக்கு. சரக்கே வரலையே சார்?" அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்றிய பில்களைப் பின்வந்த ரிட்டர்னில் திருத்தி, கூடுதலாகப் போன வரியைச் சரிக்கட்டி, அதற்குள் உள்ளீட்டு வரி எடுத்துவிட்ட வாடிக்கையாளர்களிடம் திருப்பிவிடச் சொல்லிக் கெஞ்சி... ஆடிட்டருக்கும் எனக்கும் ஒரு மாதம் போயிற்று. பையனைத் திட்ட மனம் வரவில்லை. என் முதல் கடையில் நானும் இதையேதான் செய்தேன். அது வரிப் பதிவு இல்லாத சின்னக் கடை என்பதால் தப்பித்தேன், அவ்வளவுதான்.

சரியான வழி ஒரே ஒரு திரையில் இருக்கிறது. வாடிக்கையாளரின் லெட்ஜரில் Maintain balances bill-by-bill என்பதற்கு Yes கொடுங்கள். ஓப்பனிங் தொகையை அடித்து எண்டர் தட்டினால் பில்வாரியாகப் பிரிக்கும் பெட்டி திறக்கும். அதில் பில் தேதி, பில் எண், தவணை நாள், தொகை. தேதியைப் பழைய தேதியாகவே கொடுங்கள். கணக்கு ஏப்ரல் 1-ல் தொடங்கினாலும் ஜனவரி 18 என்று போட்டால் டேலி ஏற்றுக்கொள்ளும். அப்போதுதான் எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பது சரியாக வரும். இங்கே போடும் தொகை வரியும் சேர்த்த பில் தொகை. வரியைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. இது விற்பனை அல்ல, பழைய பாக்கி மட்டுமே என்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குள் போகாது.

"அக்கா, எங்க பேரேட்டுல வந்த பணத்தைப் பில்லுவாரியா கழிச்சு எழுதவே இல்லை. ஆளு வந்து அஞ்சாயிரம், பத்தாயிரம்னு ரவுண்டா குடுப்பாரு, கழிச்சிட்டே வருவோம்" என்று அந்தப் பையனும் சொன்னான். எல்லாக் கடையிலும் இதே கதைதான். அதற்குக் கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். கொடுத்த பணமெல்லாம் பழைய பில்களுக்கு முதலில் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் நிற்பது கடைசியாக எழுதிய பில்கள்தான். கான்ட்ராக்டரின் பாக்கி 88,500. மார்ச் 24 பில் 29,500, பிப்ரவரி 20 பில் 35,400, இரண்டும் சேர்ந்து 64,900. இன்னும் 23,600 வேண்டும். அதற்கு முந்தைய ஜனவரி 18 பில் 41,300. அதில் 17,700 வசூலாகிவிட்டது, 23,600 நிற்கிறது என்று அர்த்தம். ஆக மூன்று வரிகள்: 29,500, 35,400, 23,600. பில் எண்ணும் தேதியும் பேரேட்டில் உள்ளபடி. இதை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரிதானே சார்?" என்று கேட்டுவிடுங்கள். சில நேரம் அவர் நோட்டில் வேறு தொகை இருக்கும். ஏப்ரலிலேயே தெரிவது நல்லது. இரண்டு மூன்று வருடமாக அசையாத பாக்கிக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். 'பழைய பாக்கி' என்று ஒரே பெயரில், பழைய தேதியில் போட்டு வையுங்கள். முன்பணம் கொடுத்து வைத்திருப்பவர்களின் தொகை வரவுப் பக்கம் வரவேண்டும். பற்றில் போட்டால் நாம் தரவேண்டியது அவர் தரவேண்டியதாகிவிடும்.

இதெல்லாம் முடிந்ததும், ஒரு வவுச்சர்கூட அடிப்பதற்கு முன், ஏப்ரல் 1 தேதிக்கு Bills Receivable அறிக்கையைத் திறந்து, மொத்தத்தை Sundry Debtors குரூப்பின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். On Account ஆக எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் பாருங்கள். மூலதன ஓப்பனிங் போன வருட பேலன்ஸ் ஷீட்டில் ஆடிட்டர் கையெழுத்திட்ட தொகையாகவே இருக்கட்டும். அதைத் தொட வேண்டிய தேவை வந்தால், பிழை மூலதனத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, ரிட்டர்ன் இன்னும் ஏற்றவில்லை என்றால் வரிசை முக்கியம். முதலில் ஓப்பனிங்கைப் பில்வாரியாகப் போடுங்கள். அடுத்து ஏப்ரலில் வந்த ரசீதுகளைத் திறந்து, போலி பில்லிலிருந்து எடுத்து உண்மையான பழைய பில்லின் மேல் மாற்றுங்கள். அதன் பிறகு ஏப்ரல் 1 போலி விற்பனைகளை அழியுங்கள். கடைசியாக மூலதனத்தைப் பழைய தொகைக்குக் கொண்டுவாருங்கள். Difference தானாகவே பூஜ்யமாகும். போலி விற்பனையைக் கண்டுபிடிக்க டே புக்கில் ஏப்ரல் 1-ஐப் பார்த்தாலே போதும். தினம் முப்பதாயிரத்துக்கு விற்கும் கடை அன்றைக்கு மட்டும் ஆறு லட்சத்துக்கு விற்றிருக்காது. ஐட்டம் பெயரோடு போட்டிருந்தால் சரக்கு இருப்பும் மைனஸில் போய் நிற்கும்.

பாஸ்புக் இருப்பை ஓப்பனிங்காகப் போடுவது

வங்கிக் கணக்குக்கும் நோட்டு இருப்புதான் ஓப்பனிங். மார்ச் 30 அன்று சப்ளையருக்கு 18,000 செக் கொடுத்தீர்கள். நோட்டில் அன்றே கழித்து 1,96,000 நிற்கிறது. செக் ஏப்ரல் 3-ல்தான் வங்கியில் கழிந்தது, அதனால் மார்ச் 31 பாஸ்புக்கில் 2,14,000. இந்த 2,14,000-ஐப் போட்டால் 18,000 Difference வரும். ஏப்ரல் 3 வரியைப் பார்த்து மறுபடி பணம் கொடுத்ததாக வவுச்சர் அடித்தால், சப்ளையர் நமக்கு 18,000 தரவேண்டும் என்று டேலி காட்டும். 1,96,000-ஐப் போட்டு, வங்கியில் கழியாத பழைய செக்கை ரீகன்சிலியேஷனில் உள்ள Opening BRS-ல் பதிந்துவிடுங்கள்.

மார்ச் பில், ஏப்ரல் சரக்கு

29-ம் தேதி பில் போட்டு, லாரியில் ஏப்ரல் 3 வந்து இறங்கும் சரக்கு வருடா வருடம் இருக்கும். பெரியவர் பில் கையில் கிடைத்த அன்றே மார்ச் கொள்முதலில் எழுதியிருப்பார், பையன் சரக்கு வந்த அன்று ஏப்ரல் கொள்முதலாக மறுபடி அடிப்பான். மார்ச் 31 நோட்டில் அந்த சப்ளையருக்குத் தரவேண்டிய பாக்கியில் இந்தப் பில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால் மார்ச் 31 சரக்குப் பட்டியலிலும், வழியில் வருவதாக, அது இருக்க வேண்டும், ஏப்ரலில் கொள்முதல் வவுச்சர் கூடாது. சேரவில்லை என்றால் இரண்டு இடத்திலும் இல்லாமல் ஏப்ரலில் ஒருமுறை. இதில் உள்ளீட்டு வரி மட்டும் தனி விஷயம்: சரக்கு கைக்கு வந்த பிறகே எடுக்க முடியும். அதனால் மார்ச்சில் எழுதியிருந்தாலும் அந்த வரியை மார்ச் ரிட்டர்னில் எடுத்துவிட்டார்களா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு இருப்பு

ஐட்டம்வாரியாக அளவும் விலையும் போட்டுவிட்டால் போதும், Stock-in-hand லெட்ஜரில் அதே தொகையை இன்னொரு முறை அடிக்காதீர்கள்.

கல்லாப் பணம்

மார்ச் 31 இரவு ஷட்டர் இறக்குவதற்கு முன் எண்ணுங்கள். ஏப்ரல் 5 அன்று எண்ணிப் பின்னோக்கிக் கணக்குப் போடுவதெல்லாம் கதை.