பழைய சம்பளத்தை வைத்துப் புதிய சம்பளம்: சட்டத்தைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

நேர்காணல்கள் எல்லாம் முடிந்து, வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்ற நிலையில், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "இப்போது உங்கள் சிடிசி எவ்வளவு? கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒருமுறையாவது வேலை மாறியவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. சொன்ன தொகையின்மேல் 20 அல்லது 30 சதவீதம் ஏற்றி, அதையே புதிய சம்பளமாக முன்வைப்பதும் பழகிப்போன வழக்கம்தான். இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாகும். பழைய சம்பளத்தைக் கேட்கலாமா என்பது ஒரு கேள்வி. கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் புதிய சம்பளத்தை நிர்ணயிக்கலாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு "கேட்கலாம்" என்று விடை கிடைக்கும் இடத்தில்கூட இரண்டாவதற்கு "கூடாது" என்று விடை வரக்கூடும். இதை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது.

"எல்லோருக்கும் ஒரே விதிதானே" என்று நினைப்பது

ஐலீன் ரிசோ என்ற கணித ஆசிரியை அரிசோனாவில் வேலை பார்த்துவிட்டு, 2009-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகராகச் சேர்ந்தார். அந்த அலுவலகத்தில் 1998 முதல் ஒரு சம்பள விதி நடைமுறையில் இருந்தது. புதிதாகச் சேருபவரின் முந்தைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்து, அந்தத் தொகை சம்பள அட்டவணையில் எந்தப் படிக்குப் பொருந்துகிறதோ அந்தப் படியில் அவரை அமர்த்த வேண்டும் என்பதே அந்த விதி. பட்டறிவு, தகுதி, வேலையின் கடுமை ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ரிசோ அரிசோனாவில் ஆண்டுக்கு 50,630 டாலர் பெற்றுவந்தார். அதோடு 5 சதவீதம் சேர்த்தாலும் அட்டவணையின் முதல் படியான 62,133 டாலரைக்கூட எட்டவில்லை. ஆகவே அவரை முதல் படியில் வைத்தார்கள்.

அவரைப் பொறுத்தவரை அது நல்ல உயர்வுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடியிருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 2012-இல் உடன் பணியாற்றுபவர்களோடு மதிய உணவு உண்டுகொண்டிருந்தபோதுதான், அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆணை நேராக ஒன்பதாம் படியில் அமர்த்தியிருப்பது அவருக்குத் தெரியவந்தது. பழைய சம்பள முறை நெடுங்காலம் கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்: ஒவ்வொருவரும் தம்முடைய பழைய தொகையோடு புதிய தொகையை ஒப்பிடுகிறார்களே தவிர, பக்கத்து நாற்காலியின் தொகையோடு ஒப்பிடுவதில்லை.

ரிசோ வழக்குத் தொடுத்தபோது, சம்பளத்தில் வேறுபாடு இருப்பதை அலுவலகம் மறுக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதியைத்தான் பயன்படுத்தினோம், பழைய சம்பளம் என்பது பாலினத்தோடு தொடர்பில்லாத காரணம் என்று வாதிட்டது. 1963-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சம ஊதியச் சட்டத்தில் இந்த வாதத்துக்கு ஓர் இடம் இருந்தது. ஒரே நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சம்பளம் கொடுத்தால், பணிமூப்பு, திறன் மதிப்பீடு, உற்பத்தியின் அளவு அல்லது தரம், பாலினம் அல்லாத வேறொரு காரணம் என்ற நான்கில் ஒன்றை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்று பெண் மெய்ப்பிக்கத் தேவையில்லை. பழைய சம்பளம் அந்த நான்காவது காரணத்துக்குள் அடங்குமா என்பதுதான் வழக்கின் உயிர்.

கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அடங்காது என்று 2018-இல் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் ரெயின்ஹார்ட், தீர்ப்பு வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். இறந்தவரின் வாக்கைச் சேர்த்துப் பெரும்பான்மையைக் கணக்கிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து திருப்பியனுப்பியது. 2020 பிப்ரவரியில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் அதே முடிவுக்கு வந்தது. அதன் தர்க்கம் எளிமையானது. சட்டம் ஏற்கும் காரணங்கள் வேலையோடு தொடர்புடையவை. பழைய சம்பளமோ வேறொரு நிறுவனம் வேறொரு காலத்தில் வேறொரு வேலைக்குக் கொடுத்த விலை. பெண்களுக்குக் காலங்காலமாகக் குறைத்துக் கொடுக்கப்பட்ட தொகையே அந்த விலைக்குள் படிந்திருக்கக்கூடும் என்பதால், அதைக் காரணமாக ஏற்றால் சட்டம் எதை ஒழிக்க வந்ததோ அதுவே காரணம் என்ற பெயரில் திரும்பிவிடும். ஆகவே பழைய சம்பளத்தைத் தனியாகவோ பிற காரணங்களோடு சேர்த்தோ இந்தப் பாதுகாப்பு வாதமாக வைக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

இந்தத் தீர்ப்பின் எல்லைகளை மறந்துவிடுவதும் ஒரு தவறுதான். முழு விசாரணைக்குப் போகாமலே தமக்குச் சாதகமாக வழக்கை முடித்துவைக்க வேண்டும் என்ற அலுவலகத்தின் கோரிக்கைதான் அங்கே நிராகரிக்கப்பட்டது. சம்பளப் பேரத்தில் பழைய தொகையைப் பற்றிப் பேசுவதையே சம ஊதியச் சட்டம் தடுக்கவில்லை என்றும் தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. மேலும், இது அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தாது. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏழாவது வட்டார நீதிமன்றம், முந்தைய சம்பளம் பாலினம் அல்லாத காரணமே என்று 2005-இல் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

சதவீத உயர்வைப் பெரிதாக எண்ணுவது

ஃபிரெஸ்னோ அலுவலகத்தின் 5 சதவீதத்துக்கும் நம் ஊரின் 30 சதவீதத்துக்கும் கணக்கு முறையில் வேறுபாடு இல்லை. ஒரே வேலைக்கு வரும் இருவரில் ஒருவர் ஆண்டுக்கு 6 லட்சமும் மற்றவர் 8 லட்சமும் பெற்றிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 30 சதவீதம் உயர்த்தினால் 7.8 லட்சமும் 10.4 லட்சமும் வரும். இன்னொரு முறை இருவரும் சேர்ந்தாற்போல வேலை மாறி, அதே உயர்வைப் பெற்றால் 10.14 லட்சமும் 13.52 லட்சமும் ஆகும். இரண்டு லட்சமாக இருந்த இடைவெளி 3.38 லட்சமாகிவிட்டது. இதற்கிடையில் இருவரில் யாரும் மற்றவரைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. மகப்பேற்றுக்காக இரண்டாண்டு இடைவெளி விட்டுக் குறைந்த சம்பளத்தில் திரும்பச் சேர்ந்த பெண்ணின் கணக்கு இப்படித்தான் ஓய்வுபெறும் வரை அவரைத் தொடர்ந்து வரும்.

கேட்காமலே சொல்லிவிடுவது

கலிபோர்னியா தன் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 432.3-ஆம் பிரிவின் மூலம், 2018 ஜனவரி 1 முதல் கேட்பதையே தடை செய்தது. நிறுவனம் நேரடியாகவோ, எழுத்திலோ, ஆள் எடுத்துக் கொடுக்கும் முகவர் வழியாகவோ விண்ணப்பதாரரின் முந்தைய சம்பளத்தையும் சலுகைகளையும் விசாரிக்கக் கூடாது. ஆனால் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கலாம். அங்கே வேலை தேடும் நம்மவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். எதிர்பார்ப்பைக் கேட்டால், பழக்கத்தின் காரணமாக "இப்போது இவ்வளவு வாங்குகிறேன், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக" என்று பதில் சொல்கிறார்கள். யாரும் தூண்டாமல் தாமாகச் சொன்ன தொகையைக் கருத்தில் கொண்டு சம்பளத்தை நிர்ணயிக்க நிறுவனத்துக்கு அந்தப் பிரிவே அனுமதி அளிக்கிறது. அதாவது, சட்டம் கட்டிய வேலியின் கதவை விண்ணப்பதாரரே திறந்துவிடுகிறார்.

அப்படிச் சொல்லிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அதே தொகுப்பின் 1197.5-ஆம் பிரிவு, ஒரே வகையான வேலையைச் செய்யும் இருவருக்கிடையே பாலினம் அல்லது இன அடிப்படையில் வேறுபாடு இருந்தால், முந்தைய சம்பளம் அதற்கு நியாயமாகாது என்கிறது. ஆகவே தாமாகச் சொன்ன தொகையை நம்பிச் சம்பளம் வைத்த நிறுவனமும் பிறகு சிக்கிக்கொள்ளலாம். விவரமறிந்த மனிதவள அலுவலர்கள் சிலர், விண்ணப்பதாரர் தொகையைச் சொல்ல வாயெடுக்கும்போதே தடுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கேள்விக்கு ஏற்ற பதில், அந்தப் பணியின் சம்பள வரம்பைத் திருப்பிக் கேட்பதாகும். முதல் நேர்காணல் முடிந்த விண்ணப்பதாரர் கேட்டால் நிறுவனம் அதைச் சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் 2023 முதல் வேலை அறிவிப்பிலேயே வரம்பை வெளியிட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் சட்டமே இல்லை என்று முடிவு கட்டுவது

இந்தியாவில் தனியார் நிறுவனம் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் இல்லை; சம்பளச் சீட்டைக் கேட்பது குற்றம் அன்று. இதை வைத்து, அதைக்கொண்டு சம்பளம் நிர்ணயிப்பதற்கும் தடையே இல்லை என்று முடிவு செய்வது தவறு. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒரே முதலாளியிடம் ஒரே வேலையையோ அதையொத்த வேலையையோ செய்பவர்களுக்குள் பாலினத்தின் அடிப்படையில் ஊதியப் பாகுபாடு கூடாது என்கிறது. பழைய சம்பளம் என்ற காரணத்தை அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. வேலைக்குத் தேவைப்படும் திறன், உழைப்பு, பட்டறிவு, பொறுப்பு ஆகியவற்றை வைத்தே வேலைகளை ஒப்பிடச் சொல்கிறது. முந்தைய நிறுவனம் என்ன கொடுத்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை இந்திய உச்ச நீதிமன்றம் எப்படி எடைபோடும் என்பதற்கு 1987-ஆம் ஆண்டின் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு ஒரு முன்மாதிரி. உயர் அதிகாரிகளிடம் பணியாற்றிய பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாகக் கொடுத்த நிறுவனம், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படிதான் கொடுத்தோம் என்றும், கூடுதலாகக் கொடுக்க வசதியில்லை என்றும் சொன்னது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. எந்த வழியில் உருவான வேறுபாடு என்பதைக் காட்டிலும், செய்யும் வேலை ஒன்றா என்பதையே அது முதலில் பார்த்தது.

இந்தப் பாதுகாப்பின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு ஆண்களுக்கு, பழைய சம்பளத்தின் காரணமாக வேறு வேறு தொகை வைத்தால் மூன்றாவது பிரிவு உதவாது. அதனால் சிலர் சம்பளச் சீட்டில் எண்ணைத் திருத்தி அனுப்பத் துணிகிறார்கள். இது எல்லாத் தவறுகளிலும் பெரியது. பணியில் சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் படிவம் 16, வங்கிக் கணக்கு வரவு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு என்று மூன்று இடங்களில் உண்மைத் தொகை இருக்கிறது. திருத்திய சீட்டு பிடிபட்டால் வேலை போவதோடு, ஆவணத்தைப் பொய்யாக்கியதற்காகக் குற்றவழக்கும் வரலாம். அதன் பிறகு சம்பள வேறுபாட்டைப் பற்றிய நியாயமான புகாரைக்கூட யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால், "இந்தப் பணிக்கு ஒதுக்கியுள்ள வரம்பைச் சொல்லுங்கள், அதற்குள் பேசலாம்" என்று எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே சட்டப்படி பாதுகாப்பான வழி. நிறுவனம் விடாப்பிடியாகக் கேட்டால், உண்மைத் தொகையைச் சொல்லி, அது ஏன் இந்த வேலைக்கு அளவுகோலாகாது என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும்.