பஸ்ஸில் குழந்தையைக் கொஞ்சும் முன் அம்மாவின் முகத்தைப் பாருங்கள்

முன் சீட்டு அம்மாவின் தோளில் சாய்ந்தபடி குழந்தை உங்களையே பார்த்தால் சிரிக்கத்தான் தோன்றும், சிரியுங்கள், ஆனால் பேசும் முன் அம்மாவைக் கவனியுங்கள். அவரே திரும்பி, "ஆன்ட்டிக்கு டாட்டா காட்டு" என்று குழந்தையின் கையை ஆட்டினால் தாராளமாகக் கொஞ்சலாம். துண்டை இழுத்து மூடினாலோ, குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பினாலோ, "எத்தனை மாசம்?" என்றதற்கு ஒற்றை வார்த்தையில் முடித்தாலோ அதோடு விட்டுவிடுங்கள், தூங்க வைக்கப் பார்க்கிறாராக இருக்கும். அம்மா சிரித்தாலும் கன்னத்தைக் கிள்ளுவது, முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம், பஸ் கம்பியைப் பிடித்த கை அது, பச்சைக் குழந்தைக்குத் தொற்று சீக்கிரம் ஒட்டும். 8, 9 மாதக் குழந்தை புது முகம் கண்டு உதட்டைப் பிதுக்கினால், பிஸ்கட்டை நீட்டாமல் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அழாது.