குழாய் முனையில் சேரும் சுண்ணாம்பு: ஏரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் சரியானதாக மாற்றுவதும்

புது நாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிவந்ததும் சமையலறைக் குழாயில் தண்ணீர் மெல்லியதாக வருகிறது, அல்லது பக்கவாட்டில் பீய்ச்சியடித்துச் சட்டையை நனைக்கிறது என்றால், பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் குழாயின் முனையைக் கீழிருந்து பாருங்கள். அங்கே வட்டமாக, சல்லடை போல ஒரு சின்ன உறுப்பு இருக்கும். அதுதான் ஏரேட்டர். தண்ணீரோடு காற்றைக் கலந்து, தெறிக்காமல் மெத்தென்று விழ வைப்பதும், தண்ணீர்ச் செலவைக் குறைப்பதும் அதன் வேலை. அதைச் சுற்றி வெள்ளையாகவோ பழுப்பாகவோ கெட்டியாக ஏதாவது ஒட்டியிருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும். கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சூடானாலோ, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறினாலோ, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிந்துவிடும். ஏரேட்டர் காற்றைக் கலப்பதால் அந்த வாயு சுலபமாக வெளியேறுகிறது. குழாயை மூடிய பிறகு வலையில் தங்கும் துளிகளும் அங்கேயே காய்கின்றன. இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் வீட்டில் முதலில் அடைபடுவது குழாய் முனையாக இருக்கிறது.

உங்கள் பகுதித் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதைத் தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் பார்க்கலாம். கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினால் கடினம், 180ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். சில நாடுகளில் ஜெர்மன் டிகிரியில் எழுதியிருப்பார்கள். ஒரு ஜெர்மன் டிகிரி ஏறக்குறைய 18 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு ஏரேட்டரில்தானா என்று உறுதி செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஏரேட்டரைக் கழற்றிவிட்டு, குழாயைப் பாதி மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் ஏரேட்டர்தான் குற்றவாளி. கழற்றிய பிறகும் நூலாகவே வந்தால், சிங்க்குக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது குழாயின் உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பான கார்ட்ரிட்ஜில் அடைப்பு இருக்கலாம். சூடான பக்கம் மட்டும் குறைவாக வந்து குளிர்ந்த பக்கம் நன்றாக வருகிறதா? அப்படியானால் ஏரேட்டரைத் தொடவே வேண்டாம். இரண்டு தண்ணீரும் ஒரே முனை வழியாகத்தானே வருகின்றன! கோளாறு சூடான தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது.

கழற்றும்போது முதல் வேலை, சிங்க்கின் வடிகாலை மூடியால் அடைப்பது. ஏரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் சின்னது, விழுந்தால் திரும்பக் கிடைக்காது. முனையைக் கீழிருந்து நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். மேலே நின்று பார்ப்பவருக்கு அது கடிகார முள் திசையாகத் தெரியும். அதனால்தான் பலர் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். அதற்கும் அசையாவிட்டால் தடித்த துணியைச் சுற்றி, இடுக்கியால் லேசாகப் பிடித்துத் திருப்பலாம். வெளி வளையம் மெல்லிய பித்தளை. அழுத்திப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும், அப்புறம் மரை ஒழுங்காக ஏறாது.

சுண்ணாம்பே மரையைப் பசை போலப் பிடித்திருந்தால் பலம் உதவாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, குழாய் முனை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, அரை மணி நேரம் விட்டுப் பிறகு திருப்பிப் பாருங்கள். குழாய் கறுப்பு, தங்கநிறம் போன்ற பூச்சு கொண்டதாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அமிலம் பூச்சைக் கெடுத்துவிடலாம். சிங்க்கைச் சுற்றி மார்பிள் இருந்தாலும் கவனம் தேவை. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், ஒரு சொட்டு வினிகர் பட்டாலே பளபளப்பு போய்த் தடம் விழும்.

கழன்று வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக வெளியே உலோக வளையம், அதற்குள் பிளாஸ்டிக் சல்லடைக் கூடு, அதன் மேல் வாஷர் இருக்கும். சல்லடையில் மணலோ துரும்போ துருத்துகளோ கிடந்தால் அவற்றை முதலில் தட்டி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். மணல் வினிகரில் கரையாது. சுண்ணாம்பு கரையும், நுரை நுரையாகக் குமிழ் விடும். எது எது என்று பிரித்தறிய அந்தக் குமிழே போதும்.

ஒரு நண்பர் குடிவந்த வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்தும் ஒரு லிட்டர் ஜாடி நிறைய 25 விநாடி ஆனது, அதாவது நிமிடத்துக்கு 2.4 லிட்டர். ஏரேட்டரைக் கழற்றினால் தண்ணீர் கொட்டியது. பிளாஸ்டிக் கூட்டின் ஓட்டைகளில் பாதிக்கு மேல் வெள்ளைக் கல்லாக அடைத்திருந்தன. கூட்டை மட்டும் ஒரு டம்ளர் வினிகரில் போட்டோம். சில நொடிகளில் குமிழ்கள் கிளம்பின. ஒரு மணி நேரத்தில் குமிழ் நின்ற பிறகு பழைய பல் பிரஷால் தேய்த்ததும் கல் மாவாக உதிர்ந்தது. மீதி இருந்ததற்குப் புது வினிகரில் இன்னொரு முறை ஊற வைத்தோம். உலோக வளையத்தை வினிகரில் ஊற விடவில்லை, நனைத்த துணியால் துடைத்துக் கழுவியதோடு சரி. வாஷரை வெறும் தண்ணீரில் அலசினோம். திரும்ப மாட்டிய பிறகு அதே ஜாடி 9 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.7 லிட்டர், வேறொன்றும் வாங்கவில்லை.

வினிகர் ஏன் இரண்டு முறை வேண்டியிருந்தது என்றால், அதன் பலம் வரம்புக்குட்பட்டது. வீட்டில் பயன்படுத்தும் 5 சதவீத வினிகர் 100 மில்லி சேர்ந்து அதிகபட்சம் 4 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அதன் பிறகு எவ்வளவு நேரம் ஊறினாலும் பயனில்லை, மாற்றி ஊற்ற வேண்டும். வாசனை பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் பொடியை எடுத்துக்கொள்ளலாம். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வெள்ளைப் படிவு உருவாகி ஒட்டிக்கொள்ளும். எந்த அமிலமானாலும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

திரும்ப மாட்டும் முன், ஏரேட்டர் இல்லாமலே குழாயைச் சில விநாடிகள் திறந்துவிடுங்கள். உள்ளே அசைந்திருக்கும் துகள்கள் வெளியேறிவிடும். கையால் இறுக்கினால் போதும். ஓரத்தில் சொட்டினால் வாஷர் சரிந்திருக்கிறது என்று அர்த்தம், மேலும் முறுக்காமல் கழற்றிச் சரியாக வையுங்கள்.

இரண்டு முறை ஊறியும் தண்ணீர் கோணலாக வந்தால், வலை கிழிந்திருந்தால், கூடு வளைந்திருந்தால் புதியது வாங்க வேண்டியதுதான். இங்கே பலரைச் சுற்றவிடுவது மரை அளவு. பல நாடுகளில் குழாய்க்குள் மரை இருந்தால் எம் 24, குழாயின் வெளியே மரை இருந்தால் எம் 22 என்ற அளவுகள் பரவலாக இருக்கின்றன. வட அமெரிக்காவில் அதே இடங்களில் 15/16 அங்குலமும் 55/64 அங்குலமும் வரும். 15/16 அங்குலம் என்பது 23.8 மில்லிமீட்டர், எம் 24க்கு மிக அருகில். கையில் பிடித்தால் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மரையின் இடைவெளி வேறு. ஒரு சுற்று ஏறிவிட்டு நின்றுவிடும். அங்கே பலம் கொடுத்தால் குழாயின் மரையே போய்விடும், அது வீட்டுக்காரரின் சொத்து. வெளியே வளையமே தெரியாமல் முனைக்குள் ஒளிந்திருக்கும் வகையும் உண்டு. அதைக் கழற்ற, பல் கொண்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் சாவி வேண்டும், அளவும் பல விதம். எந்த வகையானாலும் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே என் முதல் யோசனை.

புதியது தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, தண்ணீர் வெளியேறும் முகம் எதனால் ஆனது என்பதைத்தான். உலோக வலை இருந்தால் சுண்ணாம்பு அதன் கம்பிகளைக் கவ்விக்கொள்ளும், பிரஷ் போட்டாலும் முழுதாக வராது. மிருதுவான சிலிக்கான் முகம் என்றால் படிவு அதிலும் சேரும், ஆனால் பெருவிரலால் தேய்த்தால் முகம் வளைய, கெட்டியான சுண்ணாம்பு வளைய முடியாமல் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு தேய்ப்பு தேய்த்தால் முனை திறந்தே இருக்கும். சுண்ணாம்பைத் தடுக்கும் என்று அட்டையில் எழுதியிருப்பதற்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் பொருள், கடின நீர் ஓடும் குழாயில் படிவே சேராத ஏரேட்டர் கிடையாது. உள்ளே இருக்கும் கூடு இந்தத் தேய்ப்பில் சுத்தமாகாது. அதனால் தண்ணீர் 180 மில்லிகிராமுக்கு மேல் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஊற வைப்பது நல்லது. குழாயையே மாற்றும் வாய்ப்பு கிடைத்தால் பளபளக்கும் கறுப்பைத் தவிர்த்து, மங்கலான எஃகு நிறத்தை எடுங்கள். வெள்ளைத் தடம் அதில் அதிகம் தெரியாது, அடிக்கடி அமிலம் போட்டுத் துடைக்கவும் தேவை வராது.

வாங்கும் முன் சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். அங்கே சில லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன மின்சார ஹீட்டர் இருந்து, குழாய்க்கு மூன்று ஹோஸ்கள் போகின்றனவா? அப்படியானால் அது பெரும்பாலும் அழுத்தம் தாங்காத வகை. தண்ணீர் சூடாகும்போது விரிவடைந்து வெளியேறும் ஒரே வழி அந்தக் குழாய் முனைதான். சூடாகும்போது முனையிலிருந்து சொட்டுவது இந்த வகையில் இயல்பு, அதை அடைக்கப் பார்க்காதீர்கள். சாதாரணத் தண்ணீர் சேமிப்பு ஏரேட்டரை அதில் மாட்டினாலோ, இருப்பதைச் சுண்ணாம்பு அடைத்தாலோ, அழுத்தம் உள்ளே ஏறித் தொட்டி விரிசல் விடலாம். இந்தக் குழாய்களுக்குக் குறைந்த அழுத்தத்துக்கான தனி முனை இருக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். சுவரில் இருக்கும் உடனடி ஹீட்டர் வேறு கதை. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஓடினால்தான் அது பற்றும், மிகக் குறைந்த ஓட்டமுள்ள ஏரேட்டர் போட்டால் சூடே வராமல் போகலாம்.

வாடகை வீட்டில் மாற்றினால் பழைய ஏரேட்டரை வாஷரோடு ஒரு கவரில் போட்டு, எந்தக் குழாயுடையது என்று எழுதி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜ், வால்வு, ஹீட்டர் பக்கம் கோளாறு என்று தெரிந்தால் நீங்கள் கை வைக்காமல், ஏரேட்டரைக் கழற்றிய பிறகும் தண்ணீர் குறைவாக வருவதை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.